மதிப்பெண் சான்றிதழ் தாமதம்: அவகாசம் கேட்பது எப்படி?

"வெள்ளிக்கிழமை கடைசி நாள். கல்லூரியில் மதிப்பெண் சான்றிதழ் அடுத்த வாரம்தான் கிடைக்கும் என்கிறார்கள். உதவித்தொகை அலுவலகத்துக்கு என்ன எழுதுவது?"

இன்றே எழுதுங்கள். கெடு முடிந்தபின் வரும் கடிதத்தைப் பெரும்பாலும் விதிமீறலாகவே பார்ப்பார்கள், காரணம் எவ்வளவு நியாயமானாலும்.

மின்னஞ்சல் தலைப்பிலேயே விண்ணப்ப எண் இருக்கட்டும். உள்ளே நாலு வரி போதும்: "மற்ற ஆவணங்களைப் பதிவேற்றிவிட்டேன். மதிப்பெண் சான்றிதழுக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், ரசீது இணைத்துள்ளேன். அடுத்த வியாழன் கிடைக்கும் என்று கல்லூரி சொல்கிறது. அதற்கடுத்த திங்கள் வரை அவகாசம் வேண்டுகிறேன்." கல்லூரி சொன்ன நாளுக்கு மேல் மூன்று நான்கு நாள் சேர்த்தே கேளுங்கள். இரண்டாவது முறை கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. "கொஞ்சம் அவகாசம்" என்று மொட்டையாக எழுதினால் முடிவெடுக்க அவர்களுக்கு ஒன்றுமில்லை.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அதிகாரி சரி என்றாலும், விண்ணப்ப இணையதளம் வெள்ளியன்று தானாக மூடிவிடக்கூடும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்காமல் வைத்திருந்தால் அவகாசம் கிடைத்தும் பயனில்லை. சான்றிதழுக்கான இடத்தில் கல்லூரியின் தாமதக் கடிதத்தையோ தற்காலிக மதிப்பெண் பட்டியலையோ ஏற்றலாமா என்று கேட்டு, வெள்ளிக்குள் சமர்ப்பித்துவிடுங்கள். அசலைப் பிறகு எந்த வழியில் அனுப்புவது என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சம்மதித்தால், அன்றே அதை மின்னஞ்சலில் எழுதி உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.