9.6-ஆ, 10-ஆ?

"போட்டோவில் வந்த பக்கத்தில் ஒரு படகுக் கணக்கு. நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ., ஓட்டத்தோடு 24 கி.மீ. போய்த் திரும்ப மொத்தம் 5 மணி நேரம். நிலையான நீரில் படகின் வேகம் என்ன? 48-ஐ 5-ஆல் வகுத்தேன், 9.6 வந்தது. விடை 10 என்கிறார்கள். எப்படி?"

10 தான். நீங்களும் குரூப் 4-க்குப் படிக்கிறவர் என்று நினைக்கிறேன், இதே கணக்கு என்னையும் ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை.

9.6 தப்பில்லை, ஆனால் அது பயணத்தின் சராசரி வேகம். ஏற்காடு ஏரி மாதிரி தண்ணீர் ஓடாத இடமாக இருந்தால் அதுவே விடை. ஆற்றில் போகும்போது 12-ல் போய் 2 மணி, திரும்பும்போது 8-ல் வந்து 3 மணி. மெதுவாக வருகிற பக்கத்தில் கூடுதல் நேரம் கழிவதால் சராசரி 10-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் 9.6-ஐயே படகின் வேகமாக வைத்துப் பாருங்கள்: 24-ஐ 11.6-ஆலும் 7.6-ஆலும் வகுத்துக் கூட்டினால் 5 மணி நேரத்துக்கு மேல் 13 நிமிடத்துக்கும் கூடுதலாகிறது.

எனக்கு நடந்தது வேறு. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை முடித்து ராத்திரி பதினொரு மணிக்குத்தான் போனைத் திறப்பேன். பயிற்சி மையக் குரூப்பில் வந்த பக்கத்தை யாரோ கட்டைவிரல் நிழலோடு எடுத்திருந்தார்கள், 2-இன் அடிக்கோடு நிழலில் மறைந்து 7 மாதிரி தெரிந்தது. 7 என்றே போட்டேன்.

24/(x+7) + 24/(x−7) = 5
5x² − 48x − 245 = 0

வர்க்கமூலத்துக்குள் 7204 வந்து நின்றது. அது முழு வர்க்கம் இல்லை, x 13.29 பக்கம் போகிறது, கொடுத்திருந்த நான்கு விடையிலும் அது கிடையாது. ஒரு மணி வரை கூட்டல் கழித்தலைத்தான் சந்தேகப்பட்டேன், போட்டோவைச் சந்தேகப்படவே இல்லை. அப்புறம் 2 போட்டதும் −245 இருந்த இடத்தில் −20 வந்தது, மூலத்துக்குள் 2704, அதாவது 52-இன் வர்க்கம். 48-உம் 52-உம் கூட்டிப் பத்தால் வகுத்தால் 10.

விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடியுமே என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள், தெரியும். சரிதான், ஆனால் 7 என்று வைத்துக்கொண்டு போட்டால் நான்குமே பொருந்தாது. அதேபோல் மூலம் அசிங்கமாக வந்தாலே அச்சுப்பிழை என்றும் சொல்லவில்லை, தசம விடை உள்ள கணக்கும் உண்டு. விடைத் தெரிவுகள் எல்லாம் முழு எண்ணாக இருந்து, நம் மூலம் மட்டும் இழுத்தால், முதலில் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எண்ணையும் பாருங்கள்.

அந்த மையம் மொத்தக் கட்டணத்தையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு புத்தகம் தருகிறோம் என்றது. கடைசிவரை தந்தது இந்த விரல் நிழல் போட்டோக்கள்தான், கேட்டால் "தெளிவா இருக்கே அண்ணா" என்றார்கள்.