ஆலைப் பொறுப்பு எனக்கு, தொலைபேசி அப்பாவுக்கு

எனக்கு 29 வயது. கிளிநொச்சியில் அப்பாவின் அரிசி ஆலையைப் பொறுப்பெடுத்திருக்கிறேன். 2010 இல் மீள்குடியேறி வந்து ஆலையைத் திரும்பத் தொடங்கியபோது அப்பாவோடு நின்ற மாமாதான் இன்றும் நெல் எடுக்கிறார். நான் ஈரமானி வாங்கினேன். அவர் நெல்மணியைக் கடித்துப் பார்த்தே விலை சொல்கிறார். ஈரத்துக்குக் கழிவு போடுங்கோ என்றால் அப்பாவுக்கு போன் போகிறது. அப்பாவும் அவர் சொன்னபடி விடச் சொல்கிறார். மற்ற வேலையாட்களும் இப்போது அப்படித்தான். நான் என்ன செய்வது?

அன்புள்ள மகளுக்கு,

முதலில் பேச வேண்டியது மாமாவோடு அல்ல, அப்பாவோடு. அப்பா ஒவ்வொரு போனுக்கும் தீர்ப்புச் சொல்லும்வரை, முடிவு யார் கையில் என்பது வேலையாட்களுக்குத் தெளிவாகவே தெரியும். நீங்கள் எவ்வளவு திறமையாக இருந்தாலும் அது மாறாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். வரும் போகத்துக்கு நெல் கொள்வனவு உங்களுடையது. வங்கிக் கடனும் இயந்திரத் திருத்தமும் அப்பாவிடமே இருக்கட்டும். இதை அப்பாதான் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். போன் வந்தால் "பிள்ளையைக் கேளுங்கோ" என்பதோடு நிறுத்த வேண்டும். நீங்கள் பிழை விட்டால் இரவில் வீட்டில் சொல்லட்டும். அந்த போன்கள் குறையும்போது அவருக்கு வலிக்கும். கோபமாக வெளிவந்தாலும் அதை இழப்பாகப் புரிந்துகொள்ளுங்கள்.

இனி ஈரமானி. மாமாவுக்கு அது அவருடைய நாக்கையும் பல்லையும் பொய்யாக்க வந்த பெட்டி. ஆனால் அது ஒரு கைப்பிடி நெல்லைத்தான் அளக்கிறது. லோடின் நடுவில் நனைந்த மூட்டை இருப்பதைக் கண்டுபிடிப்பது அனுபவம்தான். ஆகவே எந்த மூட்டைகளில் மாதிரி எடுப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கடித்துப் பார்த்து அவர் ஒரு எண் சொல்லட்டும், பிறகு மானி. இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். வித்தியாசம் வந்தால் இன்னும் இரண்டு மூட்டைகளில் பாருங்கள். 18 வீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காயும்போது ஏறக்குறைய 46 கிலோ குறைகிறது. அந்தக் கணக்கை அவரோடு இருந்து போட்டு, கழிவு அட்டவணையைத் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கஷ்டப்பட்ட விவசாயிக்குச் சலுகை கொடுக்க அவருக்கு ஒரு எல்லை வையுங்கள். முகம் பார்த்து வாழ்ந்த ஊரில் அந்த உரிமையைப் பறித்தால் அவர் அவமானப்படுவார்.

ஒன்றை அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார்: அப்பா ஒதுங்கினால் என் கதி என்ன? தனியே கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளக்காரருக்கு ஐந்து வருடம் முடிந்திருந்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேர வேண்டும். சேமலாப நிதிக் கணக்கையும் காட்டுங்கள்.

அப்பா உறுதியாக நின்றும், ஒரு போகம் முடிந்தும் மாமா உங்களைத் தாண்டியே போனால், அது பயம் அல்ல. அப்போது கொள்வனவை வேறொருவரிடம் கொடுத்து, அவருக்கு வேறு பொறுப்புக் கொடுங்கள். அந்த முடிவை அப்பா அல்ல, நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.