நகைக்கடை வீடியோவுக்கு விலை சொல்வது

"நகைக்கடைக்கு ஒரு நிமிட வீடியோ. மொத்தமாக எவ்வளவு கேட்பது?"

முதலில் வேலைக்கு ஆகும் மணி நேரத்தை எண்ணுங்கள். படப்பிடிப்பு 8, எடிட்டிங் 12, கடைக்காரருடன் பேசுவதற்கும் கோப்புகளைப் பிரதி எடுப்பதற்கும் 4, இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு 4. மணிக்கு 600 ரூபாய் என்றால் 28 மணி நேரத்துக்கு 16,800. விளக்கு வாடகை தனி.

எனக்கு அடி விழுந்தது திருத்தத்தில்தான். "இசையை மட்டும் மாற்றுங்கள்" என்றார்கள். வெட்டுகள் எல்லாம் தாளத்தோடு பொருந்தியிருந்ததால் முழுவதையும் மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. அதனால் விலைப்புள்ளியில் இப்படி எழுதுங்கள்: "ஒரே பட்டியலாக வரும் திருத்தங்கள் ஒரு சுற்று. இரண்டு சுற்று அடக்கம். அதற்குமேல் சுற்றுக்கு 1,200 ரூபாய். கடையின் சொந்த இன்ஸ்டாகிராம், யூடியூப் பக்கங்களில் ஓராண்டு பயன்படுத்தலாம். தொலைக்காட்சி, திரையரங்கு, கட்டண விளம்பரங்களுக்குத் தனிக் கட்டணம். பாதித் தொகை முன்பணம்."