மே மாதம் பணம் வேண்டும் என்றால் ஏப்ரலுக்குள் முதிர வேண்டும்

கேள்வி: சார், அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். வயது 62. மில் வேலையிலிருந்து ஓய்வு. மாதச் செலவுக்கு போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் வட்டி போதும். அது போக 20 லட்சம் இருக்கிறது. 2027-லிருந்து ஐந்து வருடம், ஒவ்வொரு மே மாதமும் 4 லட்சம் கையில் வேண்டும். பேரன் படிப்பு, கார் நெல் சாகுபடிச் செலவு எல்லாம் அப்போதுதான். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் பதினொன்றரை சதவீத பாண்டுகளில் ஏணி மாதிரிப் போட்டுத் தருகிறேன் என்கிறார். போடலாமா?

பதில்: ஏணி சரிதான். அந்தத் தம்பி காட்டுகிற படிகள்தான் சரியில்லை.

ஏணி என்பது ஐந்து தேதி, ஐந்து பத்திரம், அவ்வளவுதான். ஒவ்வொரு பத்திரமும் தன் தேதியில் முதிர்ந்து 4 லட்சத்தைக் கணக்கில் போட்டுவிட்டுப் போகும். நடுவில் சந்தையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்குக் கவலையில்லை, ஏனென்றால் நீங்கள் விற்கப் போவதில்லை. இதெல்லாம் ஒரே ஒரு நிபந்தனையில்தான் நிற்கும்: அந்தத் தேதியில் பணம் வந்தே ஆக வேண்டும். பதினொன்றரை சதவீதம் கொடுத்துக் கடன் வாங்குகிற கம்பெனிக்கு அதைவிடக் குறைந்த வட்டிக்குக் கொடுக்க ஆளில்லை என்று அர்த்தம். ஐந்தில் ஒன்று தவறினால், மற்ற நான்கிலும் கூடுதலாக வந்த வட்டி அந்த 4 லட்சத்தை ஈடுகட்டாது. அந்த வருடம் நாற்றுப் பாவ வேண்டிய நேரத்தில் நீங்கள் கம்பெனிக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு பிரிண்ட் அவுட்டைக் கொண்டுவந்தார். இதே மாதிரி ஏணிதான், வருடத்துக்கு ஒரு பாண்டு. மூன்றாவது வரிசையில் ஒரு தனியார் பாங்க்கின் பெயர். ‘முதிர்வு’ என்ற கட்டத்தில் ஒரு தேதி. அவர் டீமேட் கணக்கைத் திறந்து பத்திரத்தின் முழுப்பெயரைப் பார்த்தேன். ‘பெர்பெச்சுவல்’ என்று இருந்தது. அப்படியென்றால் முதிர்வே கிடையாது. ஏஜென்ட் எழுதியிருந்தது ‘கால்’ தேதி. அன்றைக்கு பாங்க் விரும்பினால் பணத்தைத் திருப்பித் தரலாம், விரும்பாவிட்டால் வட்டியை மட்டும் கொடுத்துக்கொண்டே போகலாம். “டெபாசிட் மாதிரிதான் அண்ணாச்சி, வட்டி மட்டும் கூட” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் ஒரு பெரிய தனியார் பாங்க் சிக்கலில் விழுந்தபோது இந்த வகைப் பத்திரங்கள் 8,400 கோடி ரூபாய்க்கு மேல் ஒரேயடியாகப் பூஜ்யம் என்று எழுதப்பட்டன. அதே பாங்க்கில் சாதாரண டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் முதிர்வுக் கட்டத்தில் கால் தேதியை எழுதி ஒரு வாத்தியார் கையில் கொடுக்க முடிகிறது என்றால், எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அந்தத் தம்பியிடம் ஒவ்வொரு பத்திரத்தின் ஐசின் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். `INE` என்று தொடங்கும் 12 எழுத்து எண் அது. அதை `indiabondinfo.nsdl.com` தளத்தில் போட்டால் முதிர்வுத் தேதி, கால் உண்டா, தரமதிப்பீடு என்ன என்று எல்லாம் வரும். எண்ணைத் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் ஏணிக்கு வருவோம். எல்லாப் படியும் அரசாங்கப் பத்திரமாக இருக்கட்டும், முதல் படி மட்டும் பாங்க் டெபாசிட். வாங்குவதற்கு ஏஜென்ட் வேண்டாம். ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட் கணக்கு இருக்கிறது. `rbiretaildirect.org.in` தளத்தில் பான், ஆதார், பாங்க் கணக்கு, மொபைல் எண், மெயில் முகவரி இருந்தால் போதும். கணக்குத் தொடங்கவோ வைத்திருக்கவோ கட்டணம் கிடையாது. 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். மனைவியைக் கூட்டாகச் சேர்த்தே தொடங்குங்கள். நாமினியையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் இந்த வாசலிலேயே தடுக்கி விழுகிறார்கள். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். ஒரே ஆள்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். தென்மாவட்டத்தில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். இதை இன்னும் சரிசெய்யாமல், அறுபது வயதுக்காரரை ஈ-சேவை மையத்துக்கும் பாங்க்குக்கும் அலைய விடுகிறார்கள். நீங்கள் முதலில் மூன்றிலும் பெயரை ஒன்றாக்கிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

கணக்குத் திறந்ததும் பத்திரங்கள் இப்படி வரிசையாகத் தெரியும்: `7.38 GS 2027`, `7.06 GS 2028`, `7.10 GS 2029`. முதல் எண் வட்டி, `GS` என்றால் அரசாங்கப் பத்திரம், கடைசி எண் முதிரும் வருடம். வருடம் மட்டும்தான் இருக்கிறது, நாள் இல்லை. ‘2027-க்கு 2027 பத்திரம்’ என்று வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். `7.38 GS 2027` முதிர்வது 2027 ஜூன் 20. உங்களுக்குப் பணம் வேண்டியது மே மாதம். அதனால் முதல் 4 லட்சத்தை 2027 ஏப்ரல் கடைசியில் முடிகிற மாதிரி நாள் கணக்குச் சொல்லி பாங்க்கில் டெபாசிட்டாகப் போடுங்கள். ஒரு பாங்க்கில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அந்த பாங்க்கில் உங்கள் பெயரில் வேறு பணம் அதிகம் இல்லாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த இரண்டு படிகளும் உங்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கின்றன. `7.06 GS 2028` முதிர்வது 2028 ஏப்ரல் 10. `7.10 GS 2029` முதிர்வது 2029 ஏப்ரல் 18. இரண்டும் மே மாதத்துக்கு முன்னால் வந்துவிடும். இவற்றின் வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். 7.06-இல் 4 லட்சத்துக்கு ஒவ்வொரு முறையும் 14,120 ரூபாய். அக்டோபர் வட்டி பிசான நெல் சாகுபடிக்கு நாற்றும் உரமும் வாங்குகிற நேரத்தில் கைக்கு வரும்.

2030, 2031 படிகளுக்கு தமிழ்நாடு அரசின் பத்திரங்களையும் பட்டியலில் தேடுங்கள். மாநிலங்கள் நிதியாண்டின் கடைசியில், ஜனவரி முதல் மார்ச் வரை, அதிகம் கடன் வாங்கும். அதனால் அவை முதிர்வதும் அந்த மாதங்களில் நிறைய விழும். உங்கள் மே மாதத்துக்கு அது வசதி. மார்ச்சில் வந்த பணம் மே வரை சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால் கிடக்கட்டும். பெரிய தொகையைப் பார்த்ததும் பாங்க்கிலிருந்து கூப்பிட்டு இன்சூரன்ஸ் பாலிசி பேசுவார்கள். மே மாதச் செலவுக்கான பணம் என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பெயரில் இருக்கும் வட்டியைப் பார்த்து, அதிக எண் உள்ளதை வாங்கத் தோன்றும். முதிரும்போது 100 ரூபாய் தருகிற பழைய பத்திரத்தின் விலை 100 ரூபாயாகவே இருக்காது. ஒரு கணக்குப் போடுவோம். 8.2 சதவீத வட்டி, மூன்று வருடம் மீதம், விலை 104.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சம் முகமதிப்புக்கு நீங்கள் கொடுப்பது 4,18,000. முதிரும்போது வருவது 4 லட்சம்தான், 18,000 திரும்பாது. வருடத்துக்கு 32,800 வட்டி வருகிறது, ஆனால் அதில் 6,000 உங்கள் சொந்தப் பணமே திரும்பி வருவது. உண்மையான வருமானம் ஆறரை சதவீதம் அளவுக்குத்தான். வரியோ 32,800-க்கும் உண்டு. இந்த வட்டியில் அவர்கள் வரி பிடிக்க மாட்டார்கள், நீங்களே கணக்கில் காட்ட வேண்டும்.

அதோடு, வாங்கும்போது முந்தைய வட்டித் தேதியிலிருந்து அன்றுவரை சேர்ந்த வட்டியையும் விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். நான்கு மாதம் கழிந்திருந்தால் இந்தக் கணக்கில் அது 10,933 ரூபாய். அதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று பயப்படாதீர்கள். அடுத்த இரண்டு மாதத்தில் முழு ஆறு மாத வட்டி 16,400 உங்களுக்குத்தான் வரும். முதிர்வுவரையிலான வருமானம் என்று திரையில் தனியாக ஒரு எண் இருக்கும், `YTM` அல்லது `Yield` என்று. இரண்டு பத்திரங்களை ஒப்பிடும்போது அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

வாங்கும்போது பொறுமை வேண்டும். பெரிய பாங்க்குகள் கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற சந்தை இது. உங்கள் 4 லட்சத்துக்கு அன்றைக்கே விற்பவர் கிடைக்காமல் போகலாம். விலையைக் குறித்து ஆர்டர் போடுங்கள், கிடைக்காவிட்டால் மறுநாள் போடுங்கள், அவசரத்தில் விலையை ஏற்றாதீர்கள். நடுவில் விற்பதற்கும் இதே பாடுதான். ‘எப்போது வேண்டுமானாலும் விற்கலாம்’ என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். சின்னத் தொகைக்கு நல்ல விலையில் வாங்க ஆள் வருவதில்லை என்பதைச் சொல்வதில்லை. ஆகவே 20 லட்சத்தையும் ஏணியில் ஏற்றாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு என்று திடீரென வந்தால் எடுக்க ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் தனியாக இருக்கட்டும். அதற்குத் தகுந்தபடி 2031 படியைச் சின்னதாக வாங்குங்கள். நடுவில் வருகிற வட்டியைச் சேர்த்து வைத்து அந்தக் குறையை நிரப்ப உங்களுக்கு நாலு வருடம் இருக்கிறது.

அந்த வட்டியையும் ஒரே அளவாக எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு படி முதிர்ந்ததும் அதன் வட்டி நின்றுவிடும். நான்கு பத்திரங்களும் இருக்கும்போது சுமாராக வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வருவது, 2028 ஏப்ரலுக்குப் பிறகு 80,000 பக்கமும், கடைசி வருடம் 28,000-க்குள்ளும் இறங்கிவிடும். பிசானச் செலவை முழுக்க இந்த வட்டியை நம்பி வைத்திருந்தால், 2029 அக்டோபரில் பாதிதான் வரும். அந்த மீதிக்கு நெல் விற்ற பணத்தில் இப்போதே ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள்.