மாவு, தயிர், மோர்: குடல் பாக்டீரியாவுக்கு என்ன போய்ச் சேருகிறது?

ரேவதி: புளித்த மாவில் நல்ல பாக்டீரியா நிறைய இருக்காம். தினமும் இட்லி சாப்பிட்டால் அது குடலில் சேருமா?

சேராது. மாவில் அவை இருப்பது உண்மைதான். உளுந்தோடு வரும் லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாதான் முக்கியமாக மாவைப் பொங்க வைக்கிறது. ஆனால் இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வெந்தால் இட்லியின் நடுப்பகுதிகூட நூறு டிகிரியை நெருங்கிவிடும். மாவைப் புளிக்க வைத்த பாக்டீரியா அதைத் தாங்காது. தோசைக்கல்லிலும் இதே கதைதான்.

முருகன்: அப்போ இட்லி வீண்தானே மேடம்? எல்லாம் செத்துப் போன பிறகு சாப்பிட்டு என்ன பயன்?

செத்தது சரி, வீண் என்பது சரியில்லை. ராத்திரி முழுக்க அவை செய்த வேலை மாவில் அப்படியே இருக்கிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்து வைக்கும் ஃபைடிக் அமிலம் குறைந்திருக்கும். உளுந்தில் வயிற்றை உப்ப வைக்கும் சர்க்கரைகளும் கொஞ்சம் கரைந்திருக்கும். வேக வைத்தாலும் இந்த லாபம் போகாது. செத்த பாக்டீரியாவே குடலுக்கு ஏதாவது நன்மை செய்யுமா என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. இட்லிக்கு அப்படி ஒரு பலன் உண்டென்று நான் சொல்ல மாட்டேன். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போட வேண்டுமானால், கூட ஊற்றிக்கொள்ளும் சாம்பாரின் பருப்பும் காயும் இட்லியைவிட அதிகம் உதவும்.

கார்த்திக்: மாவைப் பச்சையாக ரெண்டு ஸ்பூன் குடித்துவிடலாமா?

வேண்டாம். வேகாத உளுந்து செரிக்காது. அரிசியோடு வரும் வேண்டாத கிருமிகளும் அதில் இருக்கலாம். உயிரோடு வேண்டுமென்றால் தயிர் இருக்கிறதே.

ஜெயந்தி: பால் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எந்த ரகப் பாக்டீரியா, எத்தனை என்று தெரியாத வீட்டுத் தயிரை ப்ரோபயாடிக் என்று எழுத விடமாட்டோம். நீங்கள் அப்படிச் சொல்வீர்களா?

நானும் சொல்ல மாட்டேன். போதிய அளவில் உயிரோடு போய், நன்மை செய்வதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் 2001 முதல் உள்ள வரையறை. வீட்டு உறையில் இருப்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆனாலும் அதில் உயிர் இருக்கிறது, ஏராளமாகவே. அவற்றில் பெரும்பாலானவை குடலில் குடியேறாமல் சில நாளில் வெளியேறிவிடும். அதனால் தினம் கொஞ்சம் சாப்பிடுவதுதான் பொருத்தம்.

2021ல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் பத்து வாரம் தயிர், கெஃபிர் என்ற புளித்த பால், கிம்ச்சி என்ற புளித்த காய்கறி போன்றவற்றை நிறையச் சாப்பிட்ட குழுவுக்குக் குடல் பாக்டீரியாவின் வகைகள் கூடின. புதிதாகத் தென்பட்டவற்றில் பெரும்பாலானவை அந்த உணவுகளிலிருந்து வந்தவை அல்ல என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். உணவு குடலின் சூழலை மாற்றியிருக்கலாம். ஆனால் அவர்கள் சாப்பிட்ட அளவு அதிகம், நாளைக்குச் சராசரியாக ஆறு பரிமாறல். ஒரு கரண்டித் தயிருக்கும் அதே பலன் வருமென்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

பாலு: எனக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும், தயிர் ஒத்துக்கொள்கிறது. என் குடலில் நல்ல பாக்டீரியா அதிகமோ?

அதற்கு உங்கள் குடல் காரணமில்லை, தயிர்தான். பால் சர்க்கரையை உடைக்கும் நொதி தயிர் பாக்டீரியாவிடம் இருக்கிறது. சிறுகுடலில் பித்தநீர் பட்டதும் அந்த நொதி வெளிப்பட்டு, உங்களால் முடியாத வேலையைச் செய்துவிடுகிறது. தயிர் பாக்டீரியாவின் பலன்களில் ஆதாரம் மிக உறுதியாக இருப்பது இதற்குத்தான். அவை உயிரோடு இருந்தால்தான் இது நன்றாக நடக்கும்.

ரேவதி: அப்புறம் மோர்? சூடான சாதத்தில் தயிர் ஊற்றினால்? உயிர் இருக்கா இல்லையா என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றிக் கடைந்த மோரில், ஒரு டம்ளர் குடித்தால் கால் டம்ளர் தயிர்தான் உள்ளே போகிறது. எண்ணிக்கை குறையுமே தவிர பாக்டீரியா சாகாது. கொதித்த மோர்க்குழம்பில் உயிர் இருக்காது. வெளியில் மாதக்கணக்கில் வைத்தாலும் கெடாத அட்டைப்பெட்டி மோரும் சூடுபடுத்தியதுதான்.

சோதிக்க வேண்டுமா? பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டு கிண்ணத்தில் அரை டம்ளர் வீதம் ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு ஸ்பூன் தயிர் விடுங்கள். அதே தயிரை ஆவி பறக்கும் சாதத்தில் கலந்து பத்து நிமிடம் வைத்து, அதில் வழியும் தயிர்நீரில் ஒரு ஸ்பூனை இன்னொன்றில் விடுங்கள். எட்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டாவதும் கெட்டியாக உறைந்தால், அந்தச் சூட்டிலும் கணிசமானவை பிழைத்திருக்கின்றன. பாலாகவே இருந்தால் பெரும்பாலும் செத்துவிட்டன, இனி சாதத்தை ஆறவிட்டுக் கலக்குங்கள். மறுநாள்வரை விட்டுவிட்டுப் பார்க்காதீர்கள். காற்றிலிருந்து விழுந்த வேறு கிருமியும் பாலைத் திரித்துவிடும், அது தயிரின் வேலை என்று தோன்றிவிடும்.