சராசரி விலைக்குக் கீழே வாங்கியும் நஷ்டம் வரலாம்

கேள்வி: விலை ஏறினாலும் இறங்கினாலும் மாதாமாதம் ஒரே தொகையை மியூச்சுவல் ஃபண்டில் போட்டுக்கொண்டே இருந்தால், வாங்கிய விலை சராசரியாகி நஷ்டமே வராது என்கிறார்களே, அது எப்படி?

முதல் பாதி உண்மை. "நஷ்டமே வராது" என்பது உண்மை இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

கணக்கைச் சின்னதாகவே தொடங்கலாம். மாதம் 1,000 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் சரி. முதல் மாதம் ஒரு ஃபண்டின் யூனிட் விலை 100. உங்களுக்கு 10 யூனிட் கிடைக்கும். அடுத்த மாதம் விலை பாதியாகி 50 ஆகிறது. அதே 1,000-க்கு இப்போது 20 யூனிட். ஆக, போட்டது 2,000, கையில் இருப்பது 30 யூனிட். ஒரு யூனிட்டுக்கு நீங்கள் கொடுத்தது 66.67. ஆனால் அந்த இரண்டு மாத விலைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 75 வருகிறது. சந்தையின் சராசரி விலையைவிட 8.33 குறைவாக வாங்கியிருக்கிறீர்கள். இதற்காக நீங்கள் எதையும் கணிக்கவில்லை, நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கவும் இல்லை.

இது எங்கிருந்து வந்தது? தொகையை மாற்றாமல் வைத்திருப்பதிலிருந்து. இரண்டு மாதமும் தலா 15 யூனிட் என்று எண்ணிக்கையை நிலையாக வைத்து வாங்கியிருந்தால் 1,500-ம் 750-ம் செலவாகி, சராசரி சரியாக 75-ல் நின்றிருக்கும். தொகை நிலையாக இருக்கும்போது, விலை இறங்கிய மாதத்தில் யூனிட் தானாகவே அதிகம் வருகிறது, ஏறிய மாதத்தில் குறைகிறது. மலிவான விலைக்கு உங்கள் சராசரியில் எடை கூடுகிறது, அவ்வளவுதான். பள்ளிக் கணக்கில் இசைச் சராசரி என்று படித்திருப்பீர்களே, அது இதுதான். அது சாதாரணக் கூட்டுச் சராசரியைவிட ஒருபோதும் அதிகமாக இருக்காது. விலை துளியும் மாறாமல் இருந்தால் மட்டும் இரண்டும் சமம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இந்த லாபம் விலை எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. மேலே பாதியாகச் சரிந்த விலையை எடுத்ததால் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. விலை 100, 90 என்று மட்டும் நகர்ந்திருந்தால் நீங்கள் கொடுத்த சராசரி 94.74, சந்தைச் சராசரி 95. வித்தியாசம் 0.26. அதனால் "மாதம் ஒருமுறை போடுவதா, வாரம் ஒருமுறையா, எந்தத் தேதியில் போடுவது" என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை. ஒரு மாதத்துக்குள் விலை ஆடும் ஆட்டத்தில் சராசரியாக்கத்துக்குக் கிடைப்பது இப்படிப்பட்ட சில்லறைதான். சம்பளம் வந்த மறுநாள் போவதுபோல் வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். ஐந்து மாத விலைகள் 100, 80, 50, 80, 100 என்று போகின்றன. மாதம் 1,000 போட்டால் 10, 12.5, 20, 12.5, 10 என்று யூனிட் சேர்ந்து மொத்தம் 65 ஆகும். போட்டது 5,000, அடக்க விலை 76.92. கடைசி விலை 100 என்பதால் கையில் 6,500. விலை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது, ஆனால் உங்களுக்கு 30 சதவீத லாபம். முதல் நாளே 5,000-ஐ மொத்தமாகப் போட்டவருக்கு 50 யூனிட், அதே 5,000. விளம்பரங்களில் இந்தப் பள்ளத்தாக்குப் படத்தை அடிக்கடி பார்க்கலாம். பொய் இல்லை, ஆனால் படம் ஒன்றுதான்.

அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். விலை 100, 150, 200, 150, 100. இப்போது 10, 6.67, 5, 6.67, 10 என்று மொத்தம் 38.33 யூனிட். அடக்க விலை 130.43. ஐந்து மாத விலைகளின் சராசரி 140, ஆகவே இங்கேயும் நீங்கள் சராசரிக்குக் கீழேதான் வாங்கியிருக்கிறீர்கள். விதி உடையவே இல்லை. ஆனால் இன்றைய விலை 100. கையில் இருப்பது 3,833, அதாவது 23 சதவீத நஷ்டம். மொத்தமாக முதல் நாள் போட்டவர் ஏறியும் இறங்கியும் போட்ட பணத்தோடு நிற்கிறார், நீங்கள் 1,167 இழந்து நிற்கிறீர்கள்.

கேள்விக்கான பதில் இந்த இரண்டு கணக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. மாதத் தவணை உறுதியளிப்பது "கடந்த மாதங்களின் சராசரி விலையைவிடக் குறைவு" என்பதை மட்டுமே. லாபமும் நஷ்டமும் முடிவாவது விற்கும் நாளின் விலையில். அந்த இரண்டுக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. முதலில் இறங்கிப் பிறகு ஏறும் பாதை தவணைக்காரருக்கு நல்லது. முதலில் ஏறிப் பிறகு இறங்கும் பாதை கெட்டது. எது வரும் என்பது போடும்போது யாருக்கும் தெரியாது.

விலை ஏறிக்கொண்டே போனால்? 100, 110, 120, 130, 140 என்று போனால் தவணையில் 42.26 யூனிட் சேர்ந்து 5,916 ஆகும். மொத்தமாகப் போட்டவரிடம் 7,000 இருக்கும். நீண்ட காலத்தில் பங்குச் சந்தைகள் இறங்கியதைவிட ஏறிய காலமே அதிகம் என்பதால் இந்த நிலை அரிதானதல்ல. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சந்தைகளின் பழைய விலைகளை வைத்து வான்கார்ட் என்ற முதலீட்டு நிறுவனம் 2012-ல் பார்த்தபோது, கையில் இருக்கும் பணத்தை 12 மாதமாகப் பிரித்துப் போடுவதைவிட உடனே மொத்தமாகப் போட்டது ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை முந்தியது. ஆகவே பெரிய தொகை ஒன்று சும்மா கிடக்கும்போது அதைத் தவணையாக்குவது லாபத்தைக் கூட்டும் வழி என்று நினைக்க வேண்டாம். அது, போட்ட மறுநாளே சரிந்துவிடுமோ என்ற பயத்துக்குக் கட்டும் பிரீமியம். அந்தப் பயம் உங்களுக்கு உண்மையாகவே இருந்தால் கட்டலாம், தப்பில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு அப்படியொரு தேர்வே இல்லை. பணம் மாதாமாதம்தான் வருகிறது, வரும்போது போடுகிறோம். அதை மொத்த முதலீட்டோடு ஒப்பிடுவதே பொருந்தாது.

இனி சொல்லப்போவதுதான் நீண்ட காலமாகப் போடுகிறவர்களைக் கடிக்கும் இடம். சராசரியாக்கத்தின் பலம் வருடம் ஆக ஆகக் கரைகிறது. பத்து வருடம், 120 தவணை, 1,20,000 போட்டிருக்கிறீர்கள். அடக்க விலை 80, கையில் 1,500 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலை 120 என்றால் மதிப்பு 1,80,000. இப்போது விலை பாதியாகி 60-க்கு வருகிறது. அந்த மாதத் தவணையில் 16.67 யூனிட் கூடுதலாக வரும். அடக்க விலை 80-லிருந்து 79.78 ஆகும். நிறைந்த குடத்தில் ஒரு டம்ளர் ஊற்றியதுபோல. முதலில் பார்த்த புதியவருக்கு இதே அளவு சரிவு அடக்க விலையை 100-லிருந்து 66.67-க்கு இழுத்துக்கொண்டு வந்தது. உங்களுக்கு 22 பைசா அளவுகூட ஆறுதல் இல்லை, மொத்த மதிப்போ 91,000-க்கு வந்துவிட்டது. விலை ஒரு வருடம் முழுவதும் 60-லேயே கிடந்து, நீங்கள் விடாமல் போட்டாலும் அடக்க விலை 77.65 வரைதான் இறங்கும்.

அதாவது தொடக்க வருடங்களில் சரிவு உங்களுக்கு உதவுகிறது, ஏனென்றால் வாங்கப்போவது அதிகம், கையில் இருப்பது குறைவு. கடைசி வருடங்களில் வரும் சரிவு சேர்த்த அத்தனையையும் அடிக்கிறது, வாங்குவதற்குத் தவணைகள் மிச்சமில்லை.

இதற்கு மிகக் கடுமையான உதாரணம் ஜப்பான். அங்கே நிக்கேய் என்ற பங்குச் சந்தைக் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் 38,915-ல் உச்சம் தொட்டது. பிறகு விழுந்து விழுந்து 2003 ஏப்ரல் இறுதியில் 7,607-க்கு வந்தது. 1984-லேயே அது 10,000-ஐத் தாண்டியிருந்தது. ஆகவே 1984 முதல் மாதம் தவறாமல் அந்தக் குறியீட்டில் போட்டுவந்த ஒருவர் 2003 ஏப்ரலில் கணக்குப் பார்த்தால், டிவிடெண்டை விட்டுவிட்டால், அவர் வாங்கிய ஒவ்வொரு தவணையும் அன்றைய விலையைவிட அதிகத்தில் வாங்கியது. 19 வருடத் தவணைகளில் ஒன்றுகூட லாபத்தில் இல்லை. எல்லா விலைகளும் கடைசி விலைக்கு மேலே இருக்கும்போது அவற்றின் எந்தச் சராசரியும் கடைசி விலைக்குக் கீழே வர முடியாது, இசைச் சராசரியாகவே இருந்தாலும்.

அதே ஜப்பான் மறுபக்கத்தையும் காட்டுகிறது. 1989-ன் உச்ச விலையை நிக்கேய் மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்கு வெறும் விலை திரும்பவே 34 வருடம். ஆனால் அன்று தொடங்கி மாதாமாதம் போட்டு வந்தவர் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் 20,000-க்குக் கீழேதான் வாங்கியிருப்பார். 2024 வரை காத்திருக்காமல் வெகு முன்பே லாபத்துக்கு வந்திருப்பார். ஒரே சந்தை, ஒரே முறை. தொடங்கிய வருடமும் எடுத்த வருடமும் மட்டுமே வேறு.

அப்புறம், இதெல்லாம் பல நிறுவனங்கள் அடங்கிய குறியீட்டுக்கோ பரவலான ஃபண்டுக்கோதான். தனி ஒரு பங்கில் இந்தத் தர்க்கத்தை நம்பி இறங்க வேண்டாம். 100, 50, 20, 5, 1 என்று ஒரு பங்கு சரிந்தால் அடக்க விலை அழகாக 3.9-க்கு இறங்கிவிடும், போட்ட 5,000-ல் மிச்சம் 1,280. சந்தை மீண்டு வரும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருக்கிறது. ஒரு நிறுவனம் மீளாமலே போய்விடலாம்.

உங்கள் நிலை என்ன என்று பார்க்க, ஃபண்ட் அறிக்கையில் இதுவரை போட்ட மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, இன்றைய யூனிட் விலையோடு ஒப்பிடுங்கள். பிறகு மாதத் தவணை மொத்த மதிப்பில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது 5, 10 சதவீதமாக இருக்கும்வரை சரிவில் தவணையை நிறுத்துவதுதான் பெரிய இழப்பு, மலிவு மாதங்களை விட்டுவிட்டால் இந்தக் கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை. அது 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால், இனி உங்களைக் காப்பாற்ற வேண்டியது தவணை அல்ல. பணம் தேவைப்படும் தேதி நான்கைந்து வருடத்தில் இருக்கிறதென்றால், ஏற்கெனவே சேர்ந்திருப்பதில் ஒரு பகுதியை வருடாவருடம் கொஞ்சமாக வைப்புநிதி, குறுகிய காலக் கடன்பத்திரம் போன்ற ஆடாத இடத்துக்கு நகர்த்தத் தொடங்க வேண்டும். புதுத் தவணையை மட்டும் அங்கே திருப்பினால் போதாது, அதன் அளவு மொத்தத்தில் தெரியவே தெரியாது.