அப்லோட் ஓகே என்று வந்த பிறகும் விலை மாறியிருந்தால்

கேள்வி: ஆன்லைன் விற்பனைத் தளத்தின் எக்செல் டெம்ப்ளேட்டில் 150 பொருட்களை ஒரே நேரத்தில் அப்லோட் செய்யப் போகிறேன். தலைப்பு, விலை, வகை மூன்றும் தப்பாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

எரர் ரிப்போர்ட்டில் வரும் தவறுகளுக்குப் பயப்படாதீர்கள், எந்த வரி, எந்தக் கட்டம் என்று அதுவே சொல்லிவிடும். எரர் எதுவும் வராமல் உள்ளே போய்விடும் தவறுகளுக்குத்தான் பயப்பட வேண்டும்.

எனக்கு அப்படி ஒருமுறை நடந்தது. விலை நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து சார்ட் கொடுத்தேன். எக்செல் ஒரு கேள்வி கேட்டது, அவசரத்தில் "Continue with the current selection" என்பதை அழுத்திவிட்டேன். விலைகள் மட்டும் இடம் மாறின, தலைப்புகள் நின்ற இடத்திலேயே நின்றன. எல்லாக் கட்டத்திலும் சரியான எண்தான் இருக்கிறது, அதனால் அப்லோட் பச்சை டிக்கோடு முடிந்துவிட்டது. 1,249 போட வேண்டிய பொருளுக்கு 249 என்று ஆர்டர் வந்த பிறகுதான் தெரிந்தது.

அதிலிருந்து விலையை டெம்ப்ளேட்டில் கையால் அடிப்பதே இல்லை. எஸ்கேயூ, விலை எல்லாம் Master என்ற தனி ஷீட்டில் இருக்கும், அதில் A எஸ்கேயூ, C விலை. டெம்ப்ளேட்டின் ஒரு நகலில், ஓரமாக உள்ள காலி நெடுவரிசையில் இப்படிப் போட்டுப் பார்ப்பேன் (A எஸ்கேயூ, C வகை, D விலை):

```
=D2=VLOOKUP(A2,Master!A:C,3,FALSE)
=COUNTIF(Valid!A:A,C2)
```

முதல் ஃபார்முலாவில் FALSE வந்தால் அந்த வரியின் விலை மாறியிருக்கிறது. #N/A வந்தால் எஸ்கேயூவே Master-இல் இல்லை, அல்லது ஓர் இடத்தில் எண்ணாகவும் இன்னோர் இடத்தில் எழுத்தாகவும் கிடக்கிறது.

இரண்டாவது ஃபார்முலா, வகையைச் சரிபார்க்க. டெம்ப்ளேட்டில் டிராப்டவுன் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், வேறு ஷீட்டிலிருந்து காப்பி பேஸ்ட் செய்தால் அந்தக் கட்டுப்பாடே அழிந்துபோகும். டெம்ப்ளேட்டோடு வரும் வகைப் பட்டியலை Valid ஷீட்டில் வைத்துக்கொண்டால், 0 வரும் இடமெல்லாம் பட்டியலில் இல்லாத பெயர். பெரும்பாலும் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு ஸ்பேஸ்தான் காரணம், கண்ணுக்குத் தெரியாது.

தலைப்பில் வேறொரு வம்பு. "காட்டன் சட்டை சைஸ் 40" என்று அடித்துவிட்டு, மற்ற நிறங்களுக்கும் அதையே போடலாம் என்று மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் அடுத்த வரிகள் சைஸ் 41, 42 ஆகிவிடும். முடிவில் எண் இருந்தால் எக்செல் தானாகக் கூட்டிக்கொண்டே போகும். இழுக்காமல், முதல் கட்டத்தோடு சேர்த்து செலக்ட் செய்து Ctrl+D அழுத்துங்கள், அப்படியே நகலாகும்.

அப்புறம், 150-ஐயும் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். சோதனை நெடுவரிசைகள் இல்லாத ஃபைலில் முதலில் 5 வரி மட்டும் ஏற்றுங்கள், வெவ்வேறு வகையிலிருந்து எடுத்த 5. வாங்குபவர் பார்க்கும் பக்கத்தைத் திறந்து தலைப்பு, விலை, வகை மூன்றையும் Master-ஓடு ஒப்பிட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.